டவுசரில் கறையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கு

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

நான் குழந்தைகள் மருத்துவர். என்னிடம் வரும் பிள்ளை பத்து நிமிடம் இருக்கும். உங்களோடு நாள் முழுக்க இருக்கிறது. நான் இங்கே சொல்லப்போகும் தொந்தரவு பெரும்பாலும் முதலில் உங்கள் வகுப்பறையில்தான் வெளிப்படுகிறது, அதுவும் நாற்றமாக. அந்த முதல் நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்தப் பிள்ளை இரண்டு மாதத்தில் என்னிடம் வரும் அல்லது இரண்டு வருடம் கழித்து வரும். அதனால்தான் இந்த மடலைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஜூலையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் பாட்டியும் கூட்டி வந்தார்கள். எட்டு வயது, எடை 24 கிலோ. செல்வம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. உட்காரச் சொன்னேன். நாற்காலியைப் பார்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான், நின்றுகொண்டே இருந்தான். வீட்டில் அவனை நாற்காலியில் உட்காரவிடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. அம்மாவின் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்: டாக்டரிடம் காட்டிச் சரியான பிறகு பள்ளிக்கு அனுப்பவும். அதற்கு முன் மூன்று வாரம் அவன் வகுப்புக்கு வெளியே, வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

"வேணும்னே பண்றான் டாக்டர்," என்றார் அம்மா. "போடான்னா வரலங்கறான். அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா ஜட்டியில இருக்கு. கேட்டா, நான் போகலம்மான்னு சத்தியம் பண்றான்." அப்பா இரண்டு முறை பெல்ட்டை எடுத்திருக்கிறார். ஒரு தடவை சூடு வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்பது பாட்டியின் கட்சி.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்டேன். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தினமும் நாலஞ்சு தடவ போறவனுக்கு எங்கேருந்து டாக்டர் மலச்சிக்கல்? இது பேதி. மூணு இடத்துல பேதிக்குத்தான் மருந்து குடுத்தாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படித்து முடித்த புதிதில் நானே இப்படி ஒரு சிறுமியின் வயிற்றில் கை வைக்காமல், துத்தநாக மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் மறுபடி வரவேயில்லை. அவள் வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

செல்வத்தைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடது அடிவயிற்றில் மெதுவாக விரல்களை ஊன்றினேன். இடுப்பெலும்புப் பக்கத்திலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு கட்டி. அழுத்தினால் ஈரக் களிமண் போல லேசாகக் குழிந்தது. அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டினேன். "ஐயோ, கட்டியா டாக்டர்?" என்று பதறிப்போனார். கட்டி இல்லை, அவ்வளவும் மலம். பல வாரங்களாக வெளியேறாமல் தங்கிப்போனது.

உள்ளே நடப்பது இதுதான். பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடல் பெரும்பாலான நேரம் காலியாகத்தான் இருக்கும். மலம் அங்கே வந்து இறங்கியதும் அதன் சுவர் விரியும். அந்த விரிவைத்தான் நாம் 'வருகிறது' என்று உணர்கிறோம். அந்த நேரத்தில் பிட்டத்தை இறுக்கிக்கொண்டால் சில நிமிடங்களில் அந்த உணர்வு அடங்கிவிடும். மலம் அங்கேயே இருக்கும். குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் நாளுக்கு நாள் இறுகும், மேலும் மேலும் சேர்ந்து பருக்கும். மலக்குடல் பழைய பாவாடையின் எலாஸ்டிக் போலத் தொய்ந்துபோகும். தொய்ந்த குடலுக்குச் சின்ன விரிவு உறைக்காது. ஆக, 'வருகிறது' என்ற செய்தியே மூளைக்குப் போவதில்லை.

மேலே குடலில் புதிதாக வரும் மலம் இன்னும் இளகித்தான் இருக்கும். மதகில் கல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இடுக்கு வழியாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் அந்த இளகிய மலம் கெட்டியான உருண்டையைச் சுற்றி வழிந்து இறங்குகிறது. ஆசனவாயில் இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் நம் இஷ்டத்துக்கு இயங்குவதல்ல. மலக்குடல் நிரம்பியிருந்தால் அது தானாகவே தளர்ந்துவிடும். வெளிவளையத்தை நாம் இறுக்கலாம், ஆனால் இறுக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே இறுக்குவோம்? செய்தியே வராத பிள்ளை எதை இறுக்குவான்? ஜட்டி ஈரமான பிறகுதான் அவனுக்கே தெரிகிறது. சில சமயம் அதுவும் தெரிவதில்லை. நாளெல்லாம் அந்த நாற்றத்திலேயே இருப்பதால் அவன் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும். பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்தும்போது இவன் ஒன்றுமறியாதவன் போல எழுதிக்கொண்டிருப்பது நடிப்பு இல்லை. 'நான் போகலம்மா' என்று செல்வம் செய்த சத்தியம் உண்மையான சத்தியம்.

எங்கே தொடங்கியது என்று அம்மாவோடு பின்னோக்கிப் போனோம். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள் கெட்டியாகப் போய் ஆசனவாய் கீறி இரத்தம் கசிந்திருக்கிறது. அன்று வீடே அதிரக் கத்தினான் என்றார் பாட்டி. அடுத்த முறை வந்தபோது அந்த வலிக்குப் பயந்து அடக்கியிருக்கிறான். ஜூனில் பள்ளி திறந்தது. பள்ளிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, பக்கெட்டில் பாதி நாள் தண்ணீர் இல்லை. அங்கே போனதே இல்லை என்று செல்வம் என்னிடம் காதோடு சொன்னான். இரண்டு வருடமாகத் தினமும் ஆறேழு மணி நேரம் அடக்கியிருக்கிறான்.

வீட்டில் அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, முகம் சிவக்க நிற்பானாம். முக்குகிறான், ஆனால் வரவில்லை என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். முக்குகிறவர்கள் குந்துவார்கள். காலைப் பின்னி எக்கி நிற்பது அடக்குவது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதி நோய் பிடிபட்ட மாதிரி.

உங்கள் வகுப்பில் இதை எப்படிக் கண்டுகொள்வது? பேதியாக இருந்தால் சில நாள் இருந்து நின்றுவிடும். பிள்ளை துவண்டுபோய் இருப்பான். இதில் பிள்ளை நன்றாக ஓடியாடுவான், ஆனால் வாரக்கணக்கில் ஜட்டியில் களிம்பு தடவினாற்போலக் கறை படியும். ஒரே நேரத்தில் நிறையப் போய்விடுவது அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. ஓடும்போது, சிரிக்கும்போது கூடும். மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைப்பான், வயிறு வலிக்கிறது என்பான். சிலருக்கு மூத்திரமும் சொட்டும், ஏனென்றால் நிரம்பிய மலக்குடல் மூத்திரப்பையை நெருக்குகிறது. அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பத்து நாளுக்கு ஒரு முறை கழிப்பறையே அடைத்துக்கொள்கிற அளவு பெரிதாகப் போகிறானா, போன பிறகு இரண்டு மூன்று நாள் கறை இல்லாமல் இருக்கிறதா? ஆமாம் என்றால் அநேகமாக இதுதான்.

இது உலகத்தில் இல்லாத அதிசயம் என்று எண்ண வேண்டாம். இலங்கையில் ஷமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பத்து வயதிலிருந்து பதினாறு வரையுள்ள பிள்ளைகள் அவர்கள். அந்த வயதிலும் நூற்றுக்கு இருவருக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அடியில் மலச்சிக்கல். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். தொடக்கப் பள்ளி வயதில் எங்களிடம் வருபவர்கள் இன்னும் கூடுதல்.

இப்போது தண்டனைக்கு வருகிறேன். ஒரு பெரிய வகுப்பை வைத்துக்கொண்டு நாற்றத்தைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மற்ற பெற்றோர் வந்து சண்டை போடுவதும் தெரியும். உங்களில் யாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிள்ளை வேண்டுமென்றே செய்கிறான் என்று நம்பியதால் கண்டித்தீர்கள். ஆனால் அந்தக் கண்டிப்பு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பயந்த பிள்ளையின் உடம்பு இறுகும். இடுப்புக்குக் கீழே உள்ள தசைகளும் சேர்ந்து இறுகும். மலம் வெளியேற அந்தத் தசைகள் தளர வேண்டும். கழிப்பறை என்றாலே அடி, அதட்டல், அவமானம் என்று ஆகிவிட்டால் அவன் அங்கே உட்கார்ந்தாலும் தளரமாட்டான். வெளியே வந்துவிடக் கூடாதே என்று முன்னைவிட அதிகமாக அடக்குவான். அடக்கினால் உருண்டை பருக்கும், குடல் இன்னும் தொய்யும், கசிவு கூடும். கசிவு கூடினால் மறுபடி அடி. அடித்த இரண்டாவது வாரம் செல்வத்துக்குத் தினமும் மூன்று ஜட்டி ஆகிக்கொண்டிருந்தது ஆறாக ஆனது என்று அவன் அம்மாவே கணக்குச் சொன்னார். அப்போது அவர் அதைப் பிடிவாதம் கூடியதாக எடுத்துக்கொண்டார்.

தண்டனை இன்னொன்றும் செய்கிறது: பிள்ளையை ஒளிக்கப் பழக்குகிறது. கறை படிந்த ஜட்டிகளைப் பீரோவுக்குப் பின்னால், பரண்மேல், சில சமயம் புத்தகப் பைக்குள்ளேயே செருகி வைப்பார்கள். கண்டுபிடித்தால், பொய் வேறு சொல்கிறான் என்று வழக்கு ஏறும். பள்ளியில் ஒன்றும் ஆகாமல் இருக்க மதியச் சோற்றைத் தொடமாட்டார்கள், தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் மலம் மேலும் இறுகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தத் தண்டனை உருண்டைக்குத்தான் தீனி போடுகிறது. பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. வராந்தாவில் தனியே உட்கார வைப்பதை நான் அந்த இரண்டாவது வகையில்தான் சேர்ப்பேன். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களைத் தடுக்க நான் எழுதவில்லை. அந்தக் கண்டிப்பால் நீங்கள் நினைத்த பலன்கூடக் கிடைக்காது, நேர்மாறாகத்தான் நடக்கும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

செல்வத்துக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். அது இருக்கும்போது கீரையும் பழமும் எவ்வளவு கொடுத்தாலும் உருண்டையின் மேல் சுமைதான் கூடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள் மருந்து இருக்கிறது. அது உடம்பில் பெரும்பாலும் சேராது. குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இறுகியதை ஊறவைத்து இளக்குகிறது. அடைப்பை எடுக்கும் நாட்களில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை, மூன்று முதல் ஆறு நாள் கொடுப்பது வழக்கம். 24 கிலோ செல்வத்துக்கு 17 கிராம் பாக்கெட் தினம் இரண்டு, ஒவ்வொன்றையும் பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து. இது அவனுக்கான கணக்கு. உங்கள் மாணவனுக்கு மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டி வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வலியில் தொடங்கிய நோய்க்கு அதே இடத்தில் இன்னொரு பயத்தை வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கச் சொன்னேன், ஏனென்றால் அந்த நாட்களில் கசிவு குறையாது, கூடும். சனிக்கிழமை முழுக்கக் கறைதான். அம்மா போன் செய்து, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தட்டுமா என்றார். பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள் என்றேன். ஞாயிறு மதியத்திலிருந்து கட்டி கட்டியாக வரத் தொடங்கியது. திங்கள் இரவு வெறும் பழுப்புத் தண்ணீராக வந்தது. அடைப்பு தீர்ந்ததற்கு அதுதான் அடையாளம். "இவ்வளவும் இவன் வயித்துக்குள்ளயா இருந்துச்சு?" என்று அம்மா போனில் அழுதார். செவ்வாய்க்கிழமை செல்வம் மூன்று தட்டு இட்லி சாப்பிட்டான்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். தொய்ந்த குடல் சுருங்கிப் பழைய உணர்வு திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை மலம் வாழைப்பழப் பதத்தில் தினமும் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு முறைகூட வலிக்கக் கூடாது. அவனுக்குத் தினம் ஒரு பாக்கெட். குறைந்தது இரண்டு மாதம். அதன் பிறகும் ஒரு மாதம் முழுக்கத் தொந்தரவே இல்லாமல் இருந்தால் மட்டும் மெதுவாகக் குறைக்க வேண்டும். இந்த மருந்துக்குக் குடல் அடிமையாகிவிடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் உண்மையில்லை.

மருந்தோடு கூட உட்கார்ந்து பழகுவது. சாப்பிட்டதும் வயிற்றிலிருந்து குடலுக்கு ஓர் உந்துதல் போகும். அடுத்த அரைமணிக்குள் உட்கார்ந்தால் வேலை எளிது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். குந்தும் கழிப்பறையில் தொடை தானாக மேலே வரும், அதுவே சரியான நிலை. நாற்காலிக் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலடியில் மணை வைக்க வேண்டும். செல்வம் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் தினசரி காலண்டரில் ஒரு நட்சத்திரம். வந்தாலும் வராவிட்டாலும் நட்சத்திரம் உண்டு. ஜட்டி சுத்தமாக இருந்ததற்குப் பரிசு தரக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அது இன்னும் அவன் கையில் இல்லை. கையில் இல்லாததற்குப் பரிசு கொடுத்தால், தவறும் நாளில் அது தண்டனையாகிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இந்த இடத்தில்தான் வருகிறது. செல்வத்தின் டீச்சருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுதியதையே உங்களிடமும் கேட்கிறேன். அவன் கை தூக்கினால் உடனே விடுங்கள். இப்போதுதான் அவன் குடல் செய்தி அனுப்பப் பழகுகிறது, 'மணி அடிக்கட்டும்' என்றால் அந்தச் செய்தி மறுபடி அடங்கிவிடும். மதியச் சாப்பாடு முடிந்ததும், எல்லோரும் விளையாடப் போன பிறகு, ஆசிரியர் கழிப்பறைச் சாவியை அவனிடம் கொடுங்கள். பையில் ஒரு ஜட்டி, ஒரு டவுசர், ஈரத்துணி, ஒரு கவர் இருக்கும்; கறை பட்டால், 'போய் மாத்திட்டு வாப்பா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். முகம் சுளிப்பதும் ஒரு வார்த்தைதான். வகுப்பில் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்களை அவன் இல்லாதபோது கண்டியுங்கள்.

எல்லாக் கறையும் இந்தக் கணக்கில் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு அடைப்பே இருக்காது. அவர்களுக்கு மருந்து கொடுத்தால் கசிவுதான் கூடும், வழி வேறு. பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், வயிறு உப்பி வாந்தி, எடை ஏறாமல் இருப்பது, கால் பலவீனம், முதுகெலும்பின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது என்றால் தாமதிக்காமல் அனுப்புங்கள். குடல் நரம்போ தண்டுவடமோ காரணமாக இருக்கலாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று இப்படி ஆகி, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு நடுங்கினால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையிடம் நீங்களே துருவ வேண்டாம்.

செல்வத்தின் டீச்சர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். வராந்தாவில் உட்கார வைத்தது தான்தான் என்றார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாவி விஷயத்தை மட்டும் விவரமாகக் கேட்டுக்கொண்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மருந்தை மறந்துவிட்டார்கள். பத்து நாளில் பழையபடி கறை. இம்முறை முதலில் கவனித்தவர் அந்த டீச்சர். அன்றே அம்மாவைக் கூப்பிட்டு, வயிறு மறுபடி அடைத்திருக்கும் போலிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சை அளவுக்குத்தான் இருந்தது. மூன்று நாளில் சரியாயிற்று. இப்போது தினம் அரைப் பாக்கெட். கோடை விடுமுறை முடியும்வரை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு குழந்தைகள் மருத்துவர்